பிரிட்ஜில் எதிராளியின் கையை எண்ணுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மேசைக்குப் புதிதாக வருகிறவர்களும், சில வருடம் ஆடித் தேறியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எல்லாமே டிக்ளேரராக ஆடும்போது எதிராளிகளின் சூட் நீளத்தைக் கணக்கிடுவது பற்றியவை. நடுவில் ஓர் ஆட்டத்தை முழுதாக ஆடிக் காட்டியிருக்கிறேன். அதற்குப் பின்னால் வரும் பல பதில்கள் அந்த ஆட்டத்தை வைத்தே போகும். அதனால் வரிசையாகப் படித்துக்கொண்டு வருவது நல்லது.

கையை எண்ணுறதுன்னா என்ன? ஏஸுக்கு 4, கிங்குக்கு 3ன்னு போடுறோமே, அதுவா?

அது பாயிண்ட் கணக்கு. இங்கே பேசுவது நீளக் கணக்கு. ஒவ்வொருவர் கையிலும் 13 சீட்டு, நான்கு சூட். ஓர் எதிராளியிடம் மூன்று சூட்களில் எத்தனை எத்தனை இருந்தது என்று தெரிந்துவிட்டால் நான்காவது தானாக வந்துவிடும். ஸ்பேட் 2, ஹார்ட் 6, டைமண்ட் 1 என்றால் கிளப் 4. இந்தக் கழித்தல்தான் விஷயமே.

இது எதற்கு என்றால், ஒரு குயினை எந்தப் பக்கம் தேடுவது என்ற கேள்வி ஆட்டத்துக்கு ஆட்டம் வரும். ஒரு சூட்டில் யாரிடம் நீளம் அதிகமோ, அவரிடம் அந்தக் குயின் இருக்க வாய்ப்பும் அதிகம். நீளம் தெரியாமல் ஆடினால் பாதிக்குப் பாதி ஊகம்தான். தெரிந்து ஆடினால் சில சமயம் ஊகத்துக்கு வேலையே இருக்காது.

52 சீட்டையும் ஞாபகம் வெச்சுக்கணுமா? எனக்கு அந்த அளவுக்கு நினைவு நிக்காது.

தேவையில்லை. உங்கள் கையும் டம்மியும் சேர்ந்து 26 சீட்டு கண்ணெதிரே இருக்கிறது. மிச்சம் 26. அதிலும் ஒருவருடைய கையை மட்டும் எண்ணினால் போதும். மற்றவர் கை அதற்கு எதிர்ப்பாடாக வந்துவிடும். யாரைப் பற்றி அதிகத் தகவல் கிடைத்திருக்கிறதோ அவரை எண்ணுங்கள். ஏலத்தில் பேசியவர் இருந்தால் பெரும்பாலும் அவர்தான்.

ரம்மியும் இருபத்தெட்டும் ஆடி வந்தவர்கள் போன சீட்டையெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் அடுக்கப் பார்ப்பார்கள். பிரிட்ஜில் அதைவிட எளிய வழி, கையின் அமைப்பை ஒரே வார்த்தையாகப் பழகிக்கொள்வது. 4-4-3-2, 5-3-3-2, 5-4-3-1, 5-4-2-2, 4-3-3-3 ஆகிய ஐந்து அமைப்புகளே எல்லாக் கைகளிலும் சுமார் 71 சதவீதம். இவை நாக்கில் தயாராக இருந்தால், “5, 4, 3” என்று வந்தவுடன் “1” தானாக வாயில் வரும். கூட்டிக் கழிக்க வேண்டியிருக்காது.

எப்போ எண்ண ஆரம்பிக்கணும்?

டம்மி விரிந்ததும், முதல் சீட்டைத் தொடுவதற்கு முன்னால். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். நான்கு சூட்டிலும் எதிராளிகளிடம் மொத்தம் எத்தனை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் ஸ்பேட் 7 என்றால் அவர்களிடம் 6. இந்த நான்கு எண்களும் கூட்டினால் 26 வர வேண்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு ட்ரிக்கிலும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம். ஒருவர் ஏதோ ஒரு சூட்டில் சீட்டு இல்லாமல் வேறொன்றைக் கழிக்கிறார் பாருங்கள், அந்த நொடி நின்று யோசிக்க வேண்டும். அந்த சூட்டில் அவரிடம் எத்தனை இருந்தது, அவர் கூட்டாளியிடம் எத்தனை என்று இரண்டும் அப்போது முடிவாகிவிடும்.

ஏலத்திலிருந்து நீளம் எப்படித் தெரியும்?

ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு நீள வாக்குறுதி உண்டு. பலவீன 2 ஹார்ட் என்றால் வழக்கமாக ஆறு ஹார்ட். 3 மட்டத்தில் தடுப்பு அழைப்பு என்றால் ஏழு. குறுக்கே வந்து ஒரு சூட் சொன்னால் ஐந்தாவது இருக்கும். 1 ஸ்பேட் திறப்பு ஐந்தா நான்கா என்பது அவர்கள் ஆடும் முறையைப் பொறுத்தது. ஐந்து சீட்டு மேஜர் ஆடுகிறவர்கள் ஐந்துக்குக் குறைந்து திறக்க மாட்டார்கள். அக்கோல் ஆடுகிறவர்கள் நான்கிலும் திறப்பார்கள். தெரியாவிட்டால் உங்கள் முறை வரும்போது கேளுங்கள், சொல்லியாக வேண்டும்.

அதிகம் சொல்லும் அழைப்பு எது என்று கேட்டால் நான் 1 நோ ட்ரம்ப் திறப்பைத்தான் சொல்வேன். அது பெரும்பாலும் 4-3-3-3, 4-4-3-2, 5-3-3-2 என்ற மூன்றில் ஒன்று. அவருக்கு ஹார்ட் ஐந்து என்று தெரிந்து, ஸ்பேட் மூன்றாவது சுற்றில் அவர் கழித்துவிட்டார் என்றால் வேலை முடிந்தது. இரண்டு ஸ்பேட், ஐந்து ஹார்ட், மிச்சம் மூன்றும் மூன்றும். டைமண்டையும் கிளப்பையும் தொடாமலே அவற்றின் நீளம் தெரிந்துவிடும்.

டேக்-அவுட் டபிள் சொன்னவரிடம் எதிராளி சொன்ன சூட் குறைவு, மற்ற மூன்றும் மூன்று நான்கு இருக்கும். இது கொஞ்சம் தளர்வான தகவல். ஆரம்பத்தில் ஒரு படம் வரைந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிராளிங்க ரெண்டு பேரும் பாஸ் பாஸ்னே போயிட்டா?

அப்போது முதல் லீடைப் பாருங்கள். நோ ட்ரம்ப் ஆட்டத்தில் நீளமான சூட்டின் நான்காவது பெரிய சீட்டை லீட் செய்வது பரவலான வழக்கம். மேற்கு ஸ்பேட் 2 லீட் செய்கிறார் என்று வையுங்கள். 2-க்குக் கீழே சீட்டே கிடையாது, அதனால் அவரிடம் ஸ்பேட் சரியாக நான்கு. அதோடு இன்னொன்றும் ஊகிக்கலாம். ஐந்து சீட்டு சூட் வேறு இருந்திருந்தால் பெரும்பாலும் அதைத்தான் லீட் செய்திருப்பார். ஆக அவர் கையில் நான்குக்கு மேல் எதுவும் இல்லை.

இப்போது நீங்கள் ஹார்ட் ஆடுகிறீர்கள், இரண்டாவது சுற்றிலேயே மேற்கிடம் ஹார்ட் இல்லை. ஸ்பேட் 4, ஹார்ட் 1, மிச்சம் எட்டு. எதுவும் நான்கைத் தாண்டாது என்றால் டைமண்ட் 4, கிளப் 4 தவிர வேறு வழியே இல்லை. டம்மியில் டைமண்ட் ஏஸ் ஜாக் 10 5, உங்களிடம் கிங் 9 6 3 என்றால் கிழக்கிடம் ஒரே ஒரு டைமண்ட்தான். முதலில் கையிலிருந்து கிங்கை ஆடுங்கள். கிழக்கிடம் இருப்பது தனிக் குயினாக இருந்தால் விழுந்துவிடும். விழவில்லையென்றால் 9-ஐ ஆடி மேற்கு வழியாக ஃபினெஸ் செய்யுங்கள். இரண்டு ட்ரிக், ஒரு லீட், அவ்வளவிலேயே முழுக் கையும் கிடைத்துவிட்டது. இந்த மாதிரி கைகள் வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பிரியம் கூடிவிடும்.

பேசாமல் இருந்ததும் ஒரு தகவல்தான். ஆறு சீட்டு நல்ல சூட்டும் பத்து பாயிண்டும் வைத்துக்கொண்டு, 1 மட்டத்தில் சொல்ல வாய்ப்பிருந்தும், யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

தனித்தனியா புரியுது. ஒரு ஆட்டத்தை முதல்லேர்ந்து கடைசி வரை காட்டுங்களேன்.

சரி. நீங்கள் தெற்கு. டம்மி வடக்கு.

வடக்கு: ♠ கிங் குயின் 4, ♥ கிங் 7 2, ♦ ஏஸ் குயின் 5, ♣ கிங் ஜாக் 8 4
தெற்கு: ♠ ஏஸ் 7 5 2, ♥ ஏஸ் 5, ♦ கிங் 8 3, ♣ ஏஸ் 10 9 5

கிழக்கு பலவீன 2 ஹார்ட் திறந்தார். நீங்கள் 2 நோ ட்ரம்ப், மேற்கு பாஸ், வடக்கு நேரே 6 நோ ட்ரம்ப். மேற்கு ஹார்ட் 9 லீட் செய்கிறார். ஸ்பேட் 3, ஹார்ட் 2, டைமண்ட் 3, கிளப்பில் குயினை இழந்தாலும் 3, ஆக 11 ட்ரிக் கையில் இருக்கிறது. பன்னிரண்டாவது இரண்டு இடத்தில் வரலாம். ஸ்பேட் 3-3 பிரிந்தால் உங்கள் 7 ஒரு ட்ரிக். இல்லாவிட்டால் கிளப் குயினைப் பிடிக்க வேண்டும். அதை எந்தப் பக்கமும் ஃபினெஸ் செய்யலாம், அதுதான் தொல்லை. அவர்களிடம் ஸ்பேட் 6, ஹார்ட் 8, டைமண்ட் 7, கிளப் 5.

முதல் ட்ரிக் ஹார்ட் ஏஸில் எடுக்கிறீர்கள், கிழக்கு 10 போடுகிறார். அப்புறம் ஸ்பேட் ஏஸ், டம்மியின் கிங்குக்கு ஒரு ஸ்பேட், பிறகு குயின். மூன்றாவது சுற்றில் கிழக்கு ஹார்ட் 6 கழிக்கிறார். இங்கே நில்லுங்கள். கிழக்கிடம் ஸ்பேட் 2, மேற்கிடம் 4. ஸ்பேட் வழி அடைந்துவிட்டது. அடுத்து டைமண்ட் ஏஸ், எல்லோரும் போடுகிறார்கள். டைமண்ட் 5-ஐ உங்கள் கிங்குக்கு ஆடுகிறீர்கள், கிழக்கு மறுபடியும் ஒரு ஹார்ட் கழிக்கிறார். டைமண்ட் ஒன்றுதான் அவருக்கு. ஹார்ட் 5-ஐ டம்மியின் கிங்குக்கு ஆடுகிறீர்கள், மேற்கு ஹார்ட் 4 போடுகிறார். டைமண்ட் குயினையும் எடுத்துவிடுகிறீர்கள், கிழக்கு இன்னொரு ஹார்ட் கழிக்கிறார்.

இப்போது கிழக்கு: ஸ்பேட் 2, ஹார்ட் 6, டைமண்ட் 1. மிச்சம் கிளப் 4. மேற்கிடம் கிளப் ஒன்றே ஒன்று. டம்மியிலிருந்து கிளப் கிங், மேற்கு கிளப் 2 போடுகிறார். அவரிடம் இனி கிளப் கிடையாது, குயின் கிழக்கிடம்தான். டம்மியிலிருந்து ஜாக். கிழக்கு குயினால் மூடினால் ஏஸால் எடுத்து 10-ஐயும் 9-ஐயும் ஆடலாம். மூடாவிட்டால் ஜாக் நிற்கும். மறுபடி 8-ஐ ஆடி உங்கள் 10-ஆல் எடுத்து, ஏஸை ஆட குயின் விழும். கிளப்பில் நான்கு, மொத்தம் 12.

அந்த ஆட்டத்துல ஹார்ட் கிங்கை ஏன் நடுவுல ஆடினீங்க? அது நம்ம காவலாச்சே.

ஏலம் சொன்ன ஆறு ஹார்ட்டை உறுதி செய்துகொள்ளத்தான். அவர்களிடம் எட்டு ஹார்ட். மேற்கு 9 லீட் செய்தபோது அது தனிச் சீட்டா, இரண்டில் பெரியதா என்று தெரியாது. தனிச் சீட்டு என்றால் கிழக்கிடம் ஏழு, அப்போது கிளப் மூன்றாகிவிடும், கணக்கு மாறும். மேற்கு இரண்டாவது ஹார்ட் போட்டதும் கிழக்கிடம் ஆறுக்கு மேல் இல்லை என்றாயிற்று. ஆறுக்குக் குறையாது என்று அவருடைய அழைப்பு சொல்லிவிட்டது.

ஆனால் நேரம் முக்கியம். ஸ்பேடைச் சோதிப்பதற்கு முன்னால் ஹார்ட் கிங்கை எடுத்திருந்தால் தப்பு. ஸ்பேட் 3-3 பிரிந்திருந்தால் ஒரு கிளப்பை இழந்தே 12 ட்ரிக் எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கிளப்பைக் கிழக்கு பிடித்தால் ஹார்ட்டில் காவல் வேண்டும். ஸ்பேட் 4-2 என்று தெரிந்த பிறகு கதை வேறு. குயினைத் தவறான பக்கம் தேடினால் எப்படியும் ஆட்டம் போய்விடும், காவல் இருந்தும் பயனில்லை. அப்போதுதான் கிங்கைத் தகவலுக்காகச் செலவு செய்யலாம்.

கிழக்குகிட்ட ஆறு ஹார்ட் இருக்கு. அப்போ மத்த சூட்டெல்லாம் மேற்குகிட்டதானே அதிகமா இருக்கணும்? குயினை அவர்கிட்ட தேடியிருக்க வேண்டாமா?

முதல் ட்ரிக்கில் இந்தக் கேள்வி கேட்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி. இதைக் காலியிடக் கணக்கு என்பார்கள். ஹார்ட் கிழக்கிடம் 6, மேற்கிடம் 2 என்று மட்டும் தெரிந்த நிலையில், கிழக்கின் கையில் தெரியாத இடம் 7, மேற்கின் கையில் 11. கிளப் குயின் மேற்கிடம் இருக்க வாய்ப்பு 18-இல் 11, அதாவது சுமார் 61 சதவீதம். பலபேர் இந்த இடத்திலேயே முடிவு செய்து மேற்கைத் தாக்கி ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பேடும் டைமண்டும் தெரிந்த பிறகு அதே கணக்கைப் போடுங்கள். மேற்கு: 13-இல் ஹார்ட் 2, ஸ்பேட் 4, டைமண்ட் 6 போக ஒரே இடம். கிழக்கு: நான்கு இடம். 61 சதவீதம் மேற்கு என்றிருந்தது, இப்போது 80 சதவீதம் கிழக்கு. மிச்ச 20 சதவீதம் மேற்கிடம் தனிக் குயின் இருக்கும் நிலை. அதை டம்மியின் கிங் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் முடிவெடுக்க வேண்டிய சூட்டைக் கடைசி வரை தொடாமல் வைக்கச் சொல்கிறேன். கிளப்பை இரண்டாவது ட்ரிக்கில் ஆடியிருந்தால் இந்தத் தகவல் எதுவும் கிடைத்திருக்காது.

நானும் காலியிடக் கணக்கு போடுறேன், ஆனா தப்பாவே வருது. எங்கே தப்பு?

பெரும்பாலும் இங்கே: பாதி தெரிந்த சூட்டைக் கணக்கில் சேர்ப்பது. மேலே சொன்ன ஆட்டத்தில் ஸ்பேட் இரண்டு சுற்று ஆடியதும் இருவரும் இரண்டிரண்டு போட்டுவிட்டார்கள். “சரி, ஆளுக்கு இரண்டு ஸ்பேட்” என்று இரு பக்கமும் இரண்டைக் கழித்தால் கணக்கு கெடும். இன்னும் இரண்டு ஸ்பேட் வெளியே இருக்கிறது, அது யாரிடம் என்று தெரியவில்லை. அந்த சூட் முழுதாகப் பிரிந்து தெரிந்த பிறகுதான் அதைக் கழிக்க வேண்டும்.

கழித்த சீட்டுக்கும் இதேதான். கிழக்கு ஒரு ஹார்ட்டைக் கழித்தார் என்பதால் அவருடைய காலியிடம் ஒன்று குறைந்துவிடாது. அந்த ஹார்ட் ஏற்கெனவே ஆறில் ஒன்றாக எண்ணப்பட்டது. எப்போதும் ஆரம்பத்தில் கொடுக்கப்பட்ட 13 சீட்டை வைத்தே எண்ணுங்கள், இப்போது கையில் மிச்சமிருப்பதை வைத்து அல்ல. இரண்டையும் கலந்தால்தான் குழப்பம்.

கணக்கெல்லாம் போட்டு கடைசியில கிளப் 3-2ன்னு வந்தா? அப்பவும் ஊகம்தானே?

ஊகம்தான், ஆனால் உங்கள் பக்கம் சாய்ந்த ஊகம். ஐந்து சீட்டில் மூன்று ஒருவரிடம் என்றால் குயின் அவரிடம் இருக்க வாய்ப்பு 60 சதவீதம். ஒரு சுற்று பெரிய சீட்டை ஆடி இருவரும் சின்னதாகப் போட்ட பிறகும் அது 60 சதவீதமாகவே நிற்கும். மூன்று வைத்திருப்பவர் பக்கம் ஃபினெஸ் செய்யுங்கள்.

இந்த நிலையில் பாயிண்ட் கணக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். பலவீன 2 திறந்தவரிடம் இதுவரை மூன்று பாயிண்ட்தான் வெளியே வந்திருக்கிறது என்றால், திறக்க இன்னும் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். முதலில் பாஸ் சொன்னவர் ஏற்கெனவே பதினொன்று காட்டிவிட்டார் என்றால் குயின் அவரிடம் இருக்காது, இருந்திருந்தால் திறந்திருப்பார். 60-40 தராசை இப்படி ஒரு பாயிண்ட் தகவல் புரட்டிவிடும்.

ஒருத்தர் எந்த சூட்டைக் கழிக்கிறார்ங்கறதுல ஏதாவது தெரியுமா? இல்லை, கழிச்சாருங்கறது மட்டும்தான் விஷயமா?

இரண்டும் விஷயம், ஆனால் எடை வேறு. ஒரு சூட் தீர்ந்துவிட்டது என்பது உறுதியான தகவல். எதைக் கழித்தார் என்பது சாய்வு மட்டும் காட்டும்.

அந்தச் சாய்வு எப்படி வருகிறதென்றால், டம்மியில் கண்ணுக்குத் தெரியும் நீளத்துக்குச் சமமாகத் தங்கள் நீளத்தைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று எதிராளிகளுக்குத் தெரியும். டம்மியில் டைமண்ட் ஏஸ் கிங் குயின் 4, உங்கள் கையில் இரண்டு என்று வையுங்கள். நீங்கள் வேறொரு நீள சூட்டை ஓட்டும்போது மேற்கு முதல் வாய்ப்பிலேயே ஒரு டைமண்டைத் தூக்கிப் போடுகிறார். அவரிடம் நான்கு டைமண்ட் இருந்திருந்தால் அதைச் செய்ய மாட்டார். டம்மியின் 4 ட்ரிக்காகிவிடும். ஆக அவரிடம் ஐந்தோ அதற்கு மேலோ, இல்லை மூன்றோ அதற்குக் கீழோ. முதல் கழிவு பெரும்பாலும் ஐந்து சீட்டு சூட்டிலிருந்து வரும் என்பது பழகியவர்கள் நடைமுறையில் நம்பும் விதி. உபரி அங்கேதான் இருக்கிறது.

நம் ஆட்டத்தையே பாருங்கள். கிழக்கு மூன்று முறை கழித்தார், மூன்றும் ஹார்ட். டம்மியில் நான்கு கிளப் தெரியும்போது ஒரு கிளப்பைக்கூட விடவில்லை. எண்ணாமல் இருந்தாலும் அந்தப் பிடிவாதம் ஒரு சைகை கொடுத்திருக்கும். எண்ணியதால் அதை நம்பியிருக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

அவங்க ஒருத்தருக்கொருத்தர் சிக்னல் கொடுக்கறாங்களே, பெரிய சீட்டு போட்டு சின்னது போட்டா இரட்டைப்படைன்னு. அதை நம்பலாமா?

அவர்களுக்கே அந்தத் தகவல் தேவைப்படும்போது நம்பலாம். உதாரணமாக, டம்மியில் வேறு நுழைவு இல்லாத நீள சூட் இருக்கிறது, எப்போது பிடிக்க வேண்டும் என்று கூட்டாளிக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த இடத்தில் நேர்மையாகத்தான் காட்டுவார்கள். நீங்கள் ஸ்லாமில் இருக்கும்போது, தகவல் உங்களுக்கு மட்டுமே உதவும் என்றால் நல்ல ஆட்டக்காரர்கள் காட்டவே மாட்டார்கள், அல்லது மாற்றிப் போடுவார்கள். தலைகீழாகக் காட்டும் ஜோடிகளும் உண்டு, அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டின் மதிப்பில் பொய் சொல்லலாம், எண்ணிக்கையில் முடியாது. கையில் அந்த சூட் இருந்தால் போட்டே ஆக வேண்டும். அதனால் சிக்னலும் கழிவும் ஒரு கணிப்பைத் தரட்டும். யாருக்காவது சூட் தீரும்போது அந்தக் கணிப்பைச் சரிபாருங்கள்.

எதிராளி யோசித்து நிறுத்திப் போட்டதிலிருந்தும் சிலர் ஊகிப்பார்கள். விதிப்படி அது உங்கள் சொந்தப் பொறுப்பு. அவர் வேண்டுமென்றே ஏமாற்றினால் ஒழிய, உங்கள் ஊகம் தப்பானதற்கு முறையிட முடியாது.

எல்லா சூட்டும் ஆடிப் பார்த்துட்டேன், யாருக்கும் எதுவும் தீரலை. அப்போ?

இழக்கக்கூடிய ட்ரிக் ஒன்று உங்களிடம் இருந்தால் அதைச் சீக்கிரமே கொடுத்துவிடலாம். உதாரணமாக, ஒரு சூட்டில் உங்களிடம் ஏஸ் கிங் 5, டம்மியில் 7 6 2. எப்படியும் மூன்றாவது சுற்று போகத்தான் போகிறது. முதல் சுற்றிலேயே சின்னதாகப் போட்டு விட்டுக்கொடுத்தால், பிறகு ஏஸும் கிங்கும் ஆடும்போது மூன்று சுற்றும் உங்கள் கட்டுப்பாட்டில் முடிந்திருக்கும். அந்த மூன்றாவது சுற்றில் ஒருவருக்குத் தீர்ந்தால் ஒரு சூட் முழுதாகத் தெரியும்.

இதை எல்லா இடத்திலும் செய்யக்கூடாது. நம் 6 நோ ட்ரம்ப் ஆட்டத்தில் முதல் ஹார்ட்டை விட்டுக்கொடுத்திருந்தால், ஸ்பேட் 3-3 பிரிந்தாலும் கிளப்பை இழக்க இடமில்லாமல் போயிருக்கும். அங்கே இழக்கக்கூடிய அந்த ஒரு ட்ரிக்குக்கு வேறு வேலை இருந்தது. விட்டுக்கொடுக்கும் முன் அந்த ட்ரிக் வேறெதற்காவது தேவைப்படுமா என்று பாருங்கள்.

துருப்பு ஆட்டத்துலயும் இதே முறைதானா?

இதேதான், இன்னும் கொஞ்சம் வசதி கூட. துருப்பை இழுக்கும்போதே ஒரு சூட் முழுதாகத் தெரிந்துவிடும். டம்மியில் பயனில்லாத சின்ன கிளப்கள் இருந்தால் அவற்றைக் கையில் வெட்டுங்கள். டம்மிக்குப் போக வழி இருக்கும்போதெல்லாம் ஒன்று. ட்ரிக்குக்காக இல்லாவிட்டாலும், கிளப் யாரிடம் தீர்கிறது என்பது தெரியும். வெட்டத் துருப்பு போதுமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு மிச்சத் துருப்பை ஓட்டினால் எதிராளிகள் கழித்தே ஆக வேண்டும். என்ன கழிக்கிறார்கள் என்பதை மேலே சொன்ன மாதிரி படிக்கலாம்.

ஏலம் ஒண்ணு சொல்லுது, சீட்டு வேற சொல்லுது. எதை எடுத்துக்கறது?

சீட்டை. ஏலத்தில் சொன்னது ஒரு வழக்கம், மேசையில் விழுந்தது உண்மை. மூன்றாவது இடத்தில், வல்னரபிள் இல்லாதபோது, ஐந்து சீட்டு சூட்டிலேயே பலவீன 2 திறக்கிறவர்கள் நிறைய. நம் ஆட்டத்தில் மேற்கு மூன்றாவது ஹார்ட்டும் வைத்திருந்தால் கிழக்கிடம் ஐந்துதான். அப்போது கிளப் ஐந்தும் கிழக்கிடமே இருந்திருக்கும். டம்மியின் கிங்குக்கு மேற்கு கிளப் போடாமல் வேறு எதையாவது கழித்திருப்பார். அப்போதும் அதே ஃபினெஸ்தான், இடம் மாறவில்லை.

ஏலத்தைக் கணக்கின் முதல் வரியாக எழுதிக்கொண்டு, ஒவ்வொரு சூட்டும் தெரியத் தெரியத் திருத்திக்கொண்டே போங்கள். 13 கூடி வரவில்லையென்றால் முதலில் ஏலத்திலிருந்து எடுத்த எண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பாதி ஆட்டத்துல எண்ணிக்கை தவறிப்போச்சு. முடிஞ்ச ட்ரிக்கைத் திருப்பிப் பார்க்கவும் விடமாட்டாங்க. என்ன செய்யறது?

கண்ணெதிரே இருப்பதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். உங்கள் கையில் ஆறு சீட்டு மிச்சம் என்றால் எதிராளியிடமும் ஆறுதான். எந்தெந்த சூட் அவரிடம் இனி இல்லை என்பது பெரும்பாலும் நினைவிருக்கும், ஏனென்றால் அவர் கழித்த காட்சி மனதில் நிற்கும். நம் ஆட்டத்தில் ஹார்ட் கிங் ஆடி முடிந்ததும் ஆளுக்கு ஆறு சீட்டு. கிழக்கிடம் ஸ்பேட் இல்லை, டைமண்ட் இல்லை. ஆறும் ஹார்ட்டும் கிளப்பும்தான். ஹார்ட் எட்டில் மேற்கு இரண்டு போட்டார், கிழக்கு 10 ஒன்று, கழித்தது இரண்டு, கிங்குக்குப் போட்டது ஒன்று. ஆக வெளியே இன்னும் இரண்டு. அவை கிழக்கிடம் என்றால் மிச்சம் நான்கு கிளப். வேறு வழியில் போனாலும் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தோம்.

இது பழக, எந்த ஆட்டம் முடிந்ததும் சீட்டை போர்டில் திருப்பி வைப்பதற்கு முன் ஓர் எதிராளியின் அமைப்பை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள்: “கிழக்கு 2-6-1-4” என்று. ஆட்டத்தாள் கொடுக்கும் போட்டியென்றால் பிறகு அதோடு ஒப்பிடலாம். முதலில் டிக்ளேரராக ஆடிய கைகளுக்கு மட்டும் செய்தால் போதும். டிஃபென்ஸில் எண்ணுவது இதைவிடக் கடினம், கூட்டாளியின் கை மறைந்திருக்கும்.